ஸ்வெட்டரை நிறுத்துவதா, சைஸ் அட்டையைத் திருத்துவதா: ரிட்டர்ன் கணக்கைப் போடும் மூன்று வழிகள்

பிப்ரவரி கடைசி வாரத்தில் கோத்தகிரியில், கம்பளியும் தேயிலையும் ஆன்லைனில் விற்கிற எங்கள் கடையின் பின்னறை முழுக்கத் திரும்பி வந்த பார்சல்கள். சீசன் முடிந்து கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். பேக்கிங் பார்க்கிற அண்ணி முதலில் சொன்னது: "இந்த நீளக் கை ஸ்வெட்டரை அடுத்த வருஷம் எடுக்கவே வேண்டாம்மா. போனதுல பாதி திரும்பி வருது." சரக்கு எடுக்கிற அண்ணனுக்கு வேறு எண்ணம். "எல்லாரும் தரம் சரியில்லன்னுதான் எழுதுறாங்க. பின்னித் தர்ற லூதியானா ஆளை மாத்தணும்."

இரண்டு பேரும் ஒரே குவியலைப் பார்த்துத்தான் பேசினார்கள். அண்ணி எந்தப் பொருள் அதிகம் திரும்புகிறது என்று பார்த்தார். அண்ணன் எந்தக் காரணம் அதிகம் வருகிறது என்று பார்த்தார். இரண்டையும் சேர்த்து ஒரு அட்டவணையாகப் போட்டபோது மூன்றாவதாக ஒரு விடை வந்தது. ஆன்லைனில் விற்கிற சின்னக் கடைக்கு இந்த மூன்றில் எது உதவும், எது எங்கே காலை வாரும் என்பதை எங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

எந்த வழியில் போனாலும் முதலில் சரிசெய்ய வேண்டியவை இரண்டு. இவை தப்பாக இருந்தால் மேலே போடுகிற கணக்கெல்லாம் வீண்.

முதலாவது, எதை ரிட்டர்ன் என்று எண்ணுகிறோம் என்பது. வாங்கியவர் பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவது ஒன்று. வீட்டு வாசலிலேயே வாங்க மறுப்பதும், ஆளில்லாமல் கூரியர்காரர் திருப்பி எடுத்து வருவதும் வேறு. தளங்களின் திரையில் இரண்டாவது வகை RTO என்று தனியாக இருக்கும். அந்தப் பார்சலை யாரும் திறக்கவே இல்லை. அதனால் அதில் தரத்தைப் பற்றியோ லிஸ்டிங்கைப் பற்றியோ ஒரு செய்தியும் கிடையாது. பெரும்பாலும் கையில் காசு கொடுத்து வாங்கும் ஆர்டர்களில்தான் இது நடக்கும். எங்கள் ஸ்வெட்டர் 452 அனுப்பினோம், 52 இப்படித் திரும்பின, 400 கைக்குப் போய்ச் சேர்ந்தன, அதில் 56 ரிட்டர்ன். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் 108, கிட்டத்தட்ட 24 சதவீதம். அண்ணி "பாதி" என்று சொன்னது இந்தக் குவியலைக் கண்ணால் பார்த்துத்தான். வாசலில் மறுத்ததை ஒதுக்கிவிட்டுக் கைக்குச் சேர்ந்ததால் வகுத்தால் 56-க்கு 400, அதாவது 14 சதவீதம். வாசலில் மறுப்பதும் பணம் தின்கிற தொல்லைதான். ஆனால் அதற்கு வைத்தியம் முன்பணம் வாங்குவதிலும் அழைத்து உறுதிப்படுத்துவதிலும் இருக்கிறது. ஸ்வெட்டரில் இல்லை.

இரண்டாவது, எந்த மாதத்து ரிட்டர்னை எந்த மாதத்து விற்பனையால் வகுப்பது என்பது. இதில்தான் நாங்கள் இரண்டு வருடம் ஏமாந்தோம். ஜனவரியில் வந்த ரிட்டர்னை ஜனவரி விற்பனையால் வகுப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஜனவரியில் கடைக்கு வந்து சேர்கிற ரிட்டர்ன் பெரும்பாலும் டிசம்பரில் அனுப்பியது. கம்பளி விற்பனை டிசம்பரில் உச்சத்துக்குப் போய் ஜனவரியில் சரிந்துவிடும். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதங்களில் எங்களிடமிருந்து அனுப்பிக் கைக்குச் சேர்ந்தவை 130, 180, 90. கடைக்கு ரிட்டர்ன் வந்து சேர்ந்த மாதத்தை வைத்து எண்ணினால் நவம்பரில் 9, டிசம்பரில் 21, ஜனவரியில் 19, மீதி 7 பிப்ரவரியில். இப்படி வகுத்தால் நவம்பர் 7 சதவீதம், ஜனவரி 21 சதவீதம். நவம்பர் சரக்கு நல்ல சரக்கு, ஜனவரியில் ஏதோ கெட்டுவிட்டது என்று தோன்றும்.

அதே 56-ஐ அனுப்பிய மாதத்தின்படி பிரித்தால் நவம்பருக்கு 22, டிசம்பருக்கு 23, ஜனவரிக்கு 11. சதவீதம் முறையே 17, 13, 12. படம் தலைகீழாகிவிட்டது. மோசமான மாதம் நவம்பர். அதில் என்ன நடந்தது என்பதற்குப் பின்னால் வருகிறேன். முந்தைய கணக்கை நம்பியிருந்தால் நவம்பர் பக்கம் நாங்கள் திரும்பியே பார்த்திருக்க மாட்டோம். அதனால் ஒரு மாதத்தின் கணக்கை அந்த மாதம் முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்துத்தான் போடுவது என்று வைத்திருக்கிறோம். திருப்பி அனுப்பக் கொடுக்கிற நாட்களும், கீழே இருந்து மலைக்குப் பார்சல் வந்து சேர்கிற நாட்களும் அதற்குள் முடிந்துவிடும்.

சரி, இப்போது மூன்று வழிகளுக்கு வருவோம். அந்த சீசனில் எங்கள் பொருட்கள் நான்கு. ஸ்வெட்டர் 400-க்கு 56. சால்வை 150-க்கு 9. கால் கிலோத் தேயிலை பவுச் 900-க்கு 36. குழந்தைகளுக்கான கம்பளித் தொப்பி 20-க்கு 3. தேயிலையை யாரும் திருப்பி அனுப்பவில்லை. உணவுப் பொருளைத் தளங்கள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை, படம் பார்த்துப் பணத்தை மட்டும் கொடுத்துவிடும். அப்படிப் பணம் திரும்பக் கேட்டதும் எங்கள் கணக்கில் ரிட்டர்ன்தான்.

அண்ணியின் வழி பொருள்வாரிக் கணக்கு. தொப்பி 15 சதவீதம், ஸ்வெட்டர் 14, சால்வை 6, தேயிலை 4. ஐந்து நிமிட வேலை, எந்தத் தளத்தின் திரையிலும் தயாராகக் கிடைக்கும். எந்தப் பொருள் நம் பணத்தைத் தின்கிறது என்று பார்க்க இது போதும். ஒரு ரிட்டர்னுக்குப் போக வரக் கூரியர், புது உறை, கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 220 ரூபாய் ஆகிறது. 56 ஸ்வெட்டருக்கு 12,320 ரூபாய் போயிருக்கிறது. அதுவரைக்கும் இந்தக் கணக்கு உண்மை சொல்கிறது.

ஆனால் இது ஏன் என்று சொல்லாது. ஏன் என்று தெரியாதபோது கையில் இருக்கிற ஒரே மருந்து பொருளையே நிறுத்துவதுதான். துணி மணிகளுக்கு எப்போதும் ரிட்டர்ன் கூடுதலாக இருக்கும், போட்டுப் பார்க்காமல் வாங்குகிறார்கள் அல்லவா. அதைத் தேயிலைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஸ்வெட்டர் எப்போதும் குற்றவாளியாகத்தான் நிற்கும். தேயிலை எப்போதும் தப்பித்துக்கொள்ளும். 4 சதவீதம்தானே என்று நாங்களும் தேயிலையை விட்டுவிட இருந்தோம். தேயிலைக்கு 4 சதவீதம் என்பது கூடுதல். யாரும் போட்டுப் பார்க்க வேண்டியதில்லாத பொருள் அது.

தொப்பியின் 15 சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 20-இல் 3 திரும்பியதை வைத்து அதன் உண்மையான விகிதத்தைக் கணித்தால் அது 5 சதவீதமாகவும் இருக்கலாம், 35 சதவீதமாகவும் இருக்கலாம். அவ்வளவு அகலமான வரம்பை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. பட்டியலில் முதலிடத்தில் நிற்பதால் அதன் மேல் கோபப்பட வேண்டியதில்லை. 50 போய்ச் சேராத பொருளுக்கு நாங்கள் சதவீதமே எழுதுவதில்லை, திரும்பி வந்த ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்கிறோம்.

அண்ணனின் வழி காரணவாரிக் கணக்கு. நான்கு பொருளும் சேர்த்து மொத்தம் 104 ரிட்டர்ன். அதில் "தரம் சரியில்லை" 44, "சைஸ் பொருந்தவில்லை" 32, "மனம் மாறிவிட்டது" 13, "சேதமாகி வந்தது" 8, "படத்தில் உள்ளதுபோல் இல்லை" 7. தரம் முதலிடத்தில் நிற்கிறது, ஆகவே சரக்கு தருபவரை மாற்று என்பது அண்ணன் வாதம்.

இதில் இரண்டு குழி இருக்கிறது. ஒன்று, அந்த 44-இல் 24 தேயிலையுடையது. தேயிலை 900 விற்றதால் அதன் குறைகள் எண்ணிக்கையில் பெரிதாகி, ஸ்வெட்டர்காரரின் தலையில் விழுகின்றன. இன்னொன்று, வாங்கியவர் எந்தக் காரணத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார் என்பது. அமேசான் போன்ற தளத்தின் ரிட்டர்ன் அறிக்கையில் `APPAREL_TOO_SMALL`, `NOT_AS_DESCRIBED`, `QUALITY_UNACCEPTABLE`, `UNWANTED_ITEM` என்று குறியீடுகளாகக் காரணம் வரும். வாங்கியவர் கைபேசியில் நாலைந்து வரிகளில் ஒன்றைத் தொடுகிறார், அவ்வளவுதான். "மனம் மாறிவிட்டது" என்று தொட்டால் கூரியர் காசு பிடிப்பார்களோ, திரும்ப எடுக்க மாட்டார்களோ என்று பயந்து "தரம் சரியில்லை" என்று தொடுகிறவர்கள் உண்டு. நாங்களே வாங்குகிற இடத்தில் அதைச் செய்திருக்கிறோம், யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால் "தரம்" என்ற பெட்டிக்குள் உண்மையான தரக்குறை, சைஸ், பிடிக்காத நிறம், எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது என எல்லாமே வந்து விழும். "சைஸ் பொருந்தவில்லை" என்பது ஓரளவு நம்பத்தக்கது. அதைப் பொய்யாகச் சொல்ல யாருக்கும் பெரிய காரணம் இல்லை.

மூன்றாவது வழி, பொருளை இடது பக்கமும் காரணத்தை மேல் வரிசையிலும் வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் அந்தப் பொருள் கைக்குச் சேர்ந்த எண்ணிக்கையால் வகுப்பது. மொத்த ரிட்டர்னால் வகுக்கக் கூடாது. அப்படி வகுத்தால் ஒரு காரணம் குறையும்போது மற்றவை தானாகக் கூடியதுபோல் தெரியும், உண்மையில் ஒன்றும் கூடியிருக்காது.

ஆர்டர் பட்டியல் ஒரு தாளிலும் ரிட்டர்ன் பட்டியல் இன்னொரு தாளிலும் இருந்தால், ஒரே வரிச் சூத்திரம் போதும். இரண்டிலும் B நெடுவரிசையில் பொருளின் குறியீடு, ரிட்டர்ன் தாளில் E-யில் சொன்ன காரணம், ஆர்டர் தாளில் F-இல் டெலிவரி நிலை என்று வைத்துக்கொண்டால்:

```
=COUNTIFS(Returns!$B:$B,$A2,Returns!$E:$E,B$1)
 /COUNTIFS(Orders!$B:$B,$A2,Orders!$F:$F,"Delivered")
```

வாசலில் மறுத்தவை ரிட்டர்ன் தாளுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு தாளிலும் அனுப்பிய தேதியை எழுதி வைத்து, அதே தேதி வரம்பை இரண்டு `COUNTIFS`-க்குள்ளும் சேர்த்தால் முன்னே சொன்ன மாதக் குழப்பமும் தீர்ந்துவிடும்.

இதைப் போட்டதும் கண்ணில் பட்டவை மூன்றே கட்டங்கள். ஸ்வெட்டர், சைஸ்: 400-க்கு 30, அதாவது 7.5 சதவீதம். ஸ்வெட்டர், தரம்: 17, 4 சதவீதத்துக்குச் சற்று மேல். தேயிலை, தரம்: 900-க்கு 24, 2.7 சதவீதம். மற்றக் கட்டங்களில் இரண்டு, மூன்று, நான்கு என்று சிதறிக் கிடந்தன, அவற்றைத் தொடவில்லை. மூன்று கட்டத்தையும் ஒவ்வொன்றாக இன்னும் உடைத்துப் பார்த்தோம். வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

சைஸ் கட்டத்தை முதலில் எடுத்தோம். S 60, M 120, L 130, XL 90 கைக்குப் போயிருந்தன. சைஸ் காரணமாகத் திரும்பியவை முறையே 3, 5, 6, 16. XL மட்டும் 18 சதவீதம், மற்ற மூன்றும் சேர்ந்து 310-க்கு 14, 4.5 சதவீதம். 16 பேரும் எழுதியது ஒன்றே: இறுக்கமாக இருக்கிறது. இப்போது இன்ச் டேப்பை எடுத்தோம். ஸ்வெட்டரை மேசையில் தட்டையாக விரித்து, ஒரு அக்குளுக்குக் கீழிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்கினால் ஆடையின் மார்புச் சுற்று கிடைக்கும். திரும்பிய 16-ஐயும், அலமாரியில் இருந்த 10-ஐயும் அளந்தோம். எல்லாம் 41.5-க்கும் 42.5-க்கும் இடையில். எங்கள் லிஸ்டிங்கில் XL-க்கு 44 என்று போட்டிருந்தது. மற்ற சைஸ்கள் அரை இன்ச்சுக்குள் ஒத்துப்போயின.

தரப் பிழையா லிஸ்டிங் பிழையா என்று பிரிக்கும் இடம் இதுதான். 26 துண்டும் ஒரே மாதிரி 42-ஐச் சுற்றி நின்றால், பின்னியவர் ஒழுங்காகத்தான் பின்னியிருக்கிறார், நாம் எழுதிய எண்தான் தப்பு. அதே 26 துண்டு 40, 43, 41, 44 என்று சிதறியிருந்தால் எந்த எண்ணை எழுதினாலும் பாதிப் பேருக்குப் பொய்யாகிவிடும். அப்போது அது பின்னுகிற இடத்தின் குறை. சராசரி விலகியிருந்தால் லிஸ்டிங்கைப் பார், துண்டுக்குத் துண்டு வேறுபட்டால் தயாரிப்பைப் பார். லூதியானாவிலிருந்து வந்த அளவு அட்டையை நான்தான் அளந்து பார்க்காமல் அப்படியே ஏற்றியிருந்தேன்.

முன்னால் மூன்று தெரிவுகள் இருந்தன. XL-ஐ நிறுத்தலாம், ஆனால் 90 பேர் கேட்டு வாங்கிய சைஸ் அது, 74 பேர் சைஸைக் குறை சொல்லவே இல்லை. 44 இன்ச்சாகப் பின்னித் தரச் சொல்லலாம், அது அடுத்த லாட்டுக்குத்தான் ஆகும், குறைந்தபட்ச எண்ணிக்கையும் எடுக்க வேண்டும், கையில் இருக்கிற சரக்குக்கு உதவாது. அட்டையைத் திருத்தலாம், அன்று இரவே முடியும், செலவு இல்லை. திருத்தினோம். வெறும் எண்ணை மட்டும் மாற்றவில்லை. முன்பு "மார்பு 44" என்று மட்டும் இருந்தது, அது உடலின் அளவா ஆடையின் அளவா என்று படிப்பவருக்குத் தெரியாது. இப்போது "ஆடையின் மார்புச் சுற்று 42 இன்ச். சட்டைக்கு மேல் போட உங்கள் மார்புச் சுற்று 38, 39 இன்ச் வரை சரியாக இருக்கும்" என்று எழுதினோம். கம்பளிக்குள் காற்றும் கையும் போய்வர உடலைவிட மூன்று நான்கு இன்ச் கூடுதல் வேண்டும். திருத்திய பிறகு XL விற்பனை சற்றுக் குறைந்தது. அதற்கு வருத்தமில்லை, குறைந்தவர்கள் வாங்கியிருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள். அடுத்த 60 XL-இல் சைஸ் என்று திரும்பியவை 3. அறுபது சின்ன எண்தான், அதனால் இந்த சீசன் முடியும்வரை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது ஸ்வெட்டரின் தரக் கட்டம், 17 துண்டு. இதை சைஸ்வாரியாகப் பிரித்தேன், ஒன்றும் தெரியவில்லை. நிறவாரியாகப் பிரித்தேன், அதிலும் இல்லை. அனுப்பிய வாரப்படி பிரித்தபோது நவம்பர் கடைசி இரண்டு வாரத்தில் அனுப்பிய 95-இல் 11 நின்றது. மீதி சீசன் முழுக்க 305-க்கு 6 மட்டும். அந்த 11 பேரில் நாலு பேர் கூடுதலாக ஏதாவது எழுதியிருந்தார்கள். "பழைய துணி வாடை." "யாரோ போட்டுக் கழற்றியதுபோல் இருக்கிறது." "Second hand" என்றே ஒருவர். அண்ணனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது, புதுச் சரக்கை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று.

ஒரு உறையைப் பிரித்து முகத்தருகே வைத்ததும் புரிந்துவிட்டது. ஈர வாடை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் கிழக்குச் சரிவு. ஊட்டி, கூடலூர்ப் பக்கம்போல் இல்லாமல் இங்கே வடகிழக்குப் பருவமழைதான் பலமாக விழும். அக்டோபர், நவம்பரில் நாள்கணக்கில் மூடுபனியும் தூறலுமாக நிற்கும். அந்த இரண்டு வாரம் போன சரக்கு பின்னறையில் கீழ்த் தட்டில், ஓதம் ஏறிய சுவரை ஒட்டி இருந்தது. கம்பளி காற்றிலிருக்கிற ஈரத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும், தொட்டால் ஈரமாகவே தெரியாது. அந்த நிலையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிட்டோம். சமவெளியின் சூட்டில் நாலைந்து நாள் லாரியிலும் கிடங்கிலும் கிடந்தபோது உறைக்குள்ளேயே புழுங்கிப் பூஞ்சை வாடை பிடித்திருக்கிறது.

ஆக, இது உண்மையான தரக்குறைதான், ஆனால் லூதியானாக்காரரின் குறை இல்லை. அண்ணன் சொன்னபடி ஆளை மாற்றியிருந்தால் புது ஆளின் சரக்கும் அதே சுவரை ஒட்டி அடுக்கப்பட்டு அதே வாடையோடு போயிருக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் மரச் சட்டம் அடித்தோம். மழை வாரங்களில் பேக் செய்வதற்கு முன் ஒரு இரவு ஹீட்டர் அறையில் விரித்து வைத்து, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுகிறோம். அந்துருண்டை போடலாமே என்று அண்ணி கேட்டார். அந்த வாடைக்கே தனியாக ரிட்டர்ன் வரும் என்பதால் வேண்டாமென்று விட்டோம். மீதி 6 துண்டில் இரண்டில் நூல் பிரிந்திருந்தது. நாலில் எவ்வளவு தேடியும் ஒன்றும் இல்லை, மனம் மாறியவர்களாக இருக்கலாம்.

மூன்றாவது கட்டம் தேயிலை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த கணக்கு, கோத்தகிரியில் உட்கார்ந்து யோசித்தால் ஒருபோதும் பிடிபடாத விஷயம் என்பதால். "தரம் சரியில்லை" என்று தொட்ட 24 பேரில் பலர் எழுதியது சுவையைப் பற்றியே இல்லை. "பாக்கெட் பாதிதான் இருக்கிறது", "காற்று இறங்கிப்போய் இருக்கிறது, பழைய சரக்கு", "படத்தில் உப்பலாக இருக்கிறது, வந்தது சப்பையாக". பேக்கிங் செய்யும் பெண்கள் ஒவ்வொரு பவுச்சையும் தராசில் வைத்துத்தான் ஒட்டுகிறார்கள். அளவு குறைய வழியே இல்லை. இரண்டு பேரிடம் கேட்டு, வீட்டுத் தராசில் வைத்துப் படம் அனுப்பச் சொன்னோம். உறையோடு 250 கிராமுக்கு மேல்தான் காட்டியது.

எந்த ஊருக்குப் போனவை என்று பிரித்ததும் விடை தெரிந்தது. சென்னைக்குப் போன 350-இல் 16. பெங்களூருக்குப் போன 200-இல் 2. மற்ற ஊர்களுக்குப் போன 350-இல் 6. சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே ஒட்டிய பவுச்சுக்குள் இருக்கிற மெல்லிய காற்றைச் சென்னையின் காற்று வெளியிலிருந்து அழுத்தும், உள்ளே இருப்பது அந்த அளவுக்குச் சுருங்கும். சென்னை வெயிலின் சூடு அதில் கொஞ்சத்தைத் திரும்ப விரிக்கும், முழுதாக அல்ல. கீழேயிருந்து வருகிற சிப்ஸ் பாக்கெட் ஊட்டிக் கடைகளில் வெடிக்கிறமாதிரி உப்பி நிற்குமே, அதே விஷயம் எதிர்த் திசையில். எங்கள் லிஸ்டிங் படமோ கோத்தகிரியில், ஒட்டிய சூட்டோடு எடுத்தது. பவுச் கல்யாணத் தலையணைபோல் நிமிர்ந்து நிற்கும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தோம். மேட்டுப்பாளையம் போகிற அண்ணனிடம் ஒட்டிய பவுச் மூன்றைக் கொடுத்து, இங்கே மேசையில் வைத்து ஒரு படம், கீழே இறங்கியதும் அதே கோணத்தில் ஒரு படம் எடுக்கச் சொன்னேன். 33 கிலோமீட்டர் மலைப்பாதை இறங்கியதற்கே பவுச்சின் தோள் இரண்டும் உள்ளே விழுந்திருந்தன.

இதற்கும் தெரிவுகள் இருந்தன. அட்டைப் பெட்டிக்குள் பவுச்சைப் போட்டால் சப்பை தெரியாது, ஆனால் பெட்டிக்குக் காசு, கூரியர் எடையும் கூடும். சின்னப் பவுச்சுக்கு மாறலாம், கையில் அச்சடித்த பவுச் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒட்டுவதற்கு முன் கையால் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, அப்படி ஒட்டிய பவுச்சையே படமெடுத்துப் போடலாம். மூன்றாவதைத் தேர்ந்தோம். காற்று குறைந்தால் தேயிலைக்கும் நல்லதுதான், மணம் சீக்கிரம் போகாது. படத்தில் இப்போது பவுச் ஒட்டிப்போய்த்தான் இருக்கிறது, பக்கத்தில் தராசும் 250 என்ற எண்ணும். பார்க்க முன்பைவிட அழகு குறைவு என்று அண்ணிக்கு வருத்தம். ஆனால் வாங்குகிறவர் கையில் வருவது அதுதான்.

மூன்று வழிகளில் நான் எதைச் சொல்வேன் என்று கேட்டால், ஐம்பதுக்கு மேல் விற்கும் எந்தப் பொருளுக்கும் மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். கூடவே திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்த்து "நாங்கள் கண்டது" என்று ஒரு நெடுவரிசையில் எழுத வேண்டும். அந்த நெடுவரிசை இல்லாத அட்டவணை வாங்கியவர் தொட்ட பொத்தானை மட்டுமே எண்ணும். ஆனால் மூன்றாவது வழிக்கும் ஒரு ஆபத்து உண்டு. சைஸ், நிறம், வாரம், ஊர் என்று உடைத்துக்கொண்டே போனால் எங்காவது ஒரு கட்டம் தற்செயலாகவே கொழுத்துத் தெரியும். அதனால் ஒரு கட்டத்தில் பத்து ரிட்டர்னாவது இல்லாவிட்டால் நாங்கள் அதன் பின்னால் ஓடுவதில்லை. பத்து இருந்தாலும், இன்ச் டேப்போ தராசோ மூக்கோ அதை உறுதி செய்யும்வரை எதையும் மாற்றுவதில்லை. பொருள்வாரிக் கணக்கு வருடத்துக்கு ஒருமுறை பணத்தைப் பார்க்க இருக்கட்டும். காரணவாரிக் கணக்கைத் தனியாக நாங்கள் இப்போது போடுவதே இல்லை.

இந்த சீசனிலிருந்து ஒரு நெடுவரிசை புதிதாகச் சேர்த்திருக்கிறோம். அனுப்பும்போதே எந்த லாட், எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்று ஆர்டர் தாளில் எழுதிவிடுகிறார் அண்ணி. நவம்பர் வாடையைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பிப்ரவரி ஆனது இந்த ஒன்றை எழுதி வைக்காததால்தான். தொப்பி இதுவரை 31 போயிருக்கிறது, 4 திரும்பியிருக்கிறது. அதற்கு இன்னும் சதவீதம் எழுதவில்லை.